கனடாவில் விருப்பம் உள்ள பெற்றோர்

வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் மாடியில் இருந்த இடத்தில் இருந்துகொண்டே லிஜா நாஞ்சில் நாட்டின் பாதி இளசுகளை விமானம் ஏற்றிவிட்டாள். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். கால் என்றாலும் நீங்கள் நம்பப் போவதில்லை. சரி, எட்டு வருஷத்தில் ஒரு பேருந்து கொள்ளும் பிள்ளைகள். அதிலும் சிலர் நின்றுகொண்டு போகவேண்டும்.

வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கும் அலுவலகம் அது. விளம்பரம் போடுவது லிஜா. அதைத் தொட்டுப் படிவம் நிரப்பியவர்களைப் போனில் கூப்பிடுவதும் அவளே. பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராமில் பனி கொட்டும் கல்லூரி வளாகம்; பெற்றோருக்கு ஃபேஸ்புக்கில் வங்கிக் கடனும் பத்திரமான விடுதியும். படிவத்தில் மூன்றே கேள்வி: மாணவரா பெற்றோரா, எந்த நாடு, எவ்வளவு செலவழிக்க முடியும். பத்து லட்சத்துக்குக் கீழே என்றால் பெயர் பட்டியலின் அடியில் கிடக்கும். பெற்றோர், கனடா, இருபது லட்சத்துக்கு மேல் என்றால் பச்சை நிறத்தில் உச்சியில் ஏறி உட்காரும்.

ஒரு நாளைக்கு நூறு பேரைக் கூப்பிடும் லிஜாவை யாரும் கூப்பிடுவதில்லை. கணவன் ஷாஜன் மஸ்கட்டில். வெள்ளிக்கிழமை பேசுவான், பேச்சுக்கு நடுவே உறங்கியும் போவான். உறங்குகிற முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே அணைப்பாள்.

கனடா விசா கெடுபிடியானதிலிருந்து ஆள் வரத்து குறைந்துபோனது. முதலாளி ஜெப்சன் அவளைவிட ஆறு வயது இளையவன்.

"இந்த மாசம் பத்துப் பேராவது நம்ம படி ஏறணும் அக்கா. இல்லன்னா விளம்பரத்த கொச்சி ஏஜென்சிக்காரங்க கையில குடுத்திருவேன்."

விளம்பரம் போனால் கூடவே தானும் போகவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். யோசித்துப் பெற்றோர் விளம்பரத்தைப் புதிதாக அமைத்தாள். யாருக்குக் காட்டவேண்டும் என்று ஃபேஸ்புக் கேட்ட இடத்தில் போட்டாள்: இந்த மாவட்டம், நாற்பத்தைந்து வயதுக்கு மேல், கனடாவில் விருப்பம் உள்ளவர்கள். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு பச்சைப் பெயர்கள். ஜெப்சன் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தான்.

முதல் பெயர் நெய்யூர் யேசுரத்தினம்.

"படிக்கப் போறது பையனா சார், பொண்ணா?"

"பையன். சுபின்."

"எப்ப அனுப்பலாம்னு இருக்கீங்க?"

"அனுப்பியாச்சே மக்கா. மூணு வருசமாச்சு."

"பின்ன எதுக்கு சார் ஃபாரம் போட்டீங்க?"

"கனடான்னு போட்டிருந்துதுல்லா, தொட்டேன். செலவு கேட்டிருந்துது. ஆன செலவப் போட்டேன். அங்க இப்பம் குளிரு எப்பிடின்னு உனக்குத் தெரியுமா?"

அடுத்தவரின் மகள் ஒன்டாரியோவில். அதற்கடுத்தவருக்கு இரண்டு பிள்ளைகளும் அங்கே. ஏழாவது அழைப்பில் லிஜா தலையில் கைவைத்தாள். இந்த மாவட்டத்தில் அந்த வயதில் கனடாவில் விருப்பம் வேறு யாருக்கு இருக்கும்? காலையில் எழுந்ததும் அந்த ஊர்ப் பனியைப் போனில் பார்க்கிறவர்களைத்தான் ஃபேஸ்புக் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். மற்ற நாளில் ஆட்கள் இருபது நொடியில் இணைப்பை வெட்டுவார்கள், இவர்கள் வெட்டவில்லை. ஒரு அம்மா நார்த்தங்காய் ஊறுகாயை எப்படிப் பொதிந்து அனுப்பினாள் என்று கால்மணி நேரம் சொன்னாள். சாப்பிட்டியா என்று லிஜாவிடம் கேட்டதும் அவள்தான். லிஜா மிச்சப் பேரையும் கூப்பிட்டாள். தேவகனி என்ற பெயரில் இருந்த எண் மட்டும் எத்தனை தடவை அடித்தாலும் எடுக்கவில்லை. மூன்று நாள் விடாமல் முயன்றாள்.

எல்லாரிடமும் பழக்கதோஷத்தில் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தாள், "ஒருநாள் நேர்ல வாங்க". திங்கட்கிழமை யேசுரத்தினம் மூச்சு வாங்க மாடி ஏறி வந்துவிட்டார். ஜெப்சன் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான்.

"செப்டம்பர் அட்மிஷனுக்கா சார், ஜனவரிக்கா?"

"சும்ம பாக்க வந்தேன் தம்பி. இந்தப் பிள்ளைகிட்ட பேசியிருந்தேன்."

ஜெப்சன் லிஜாவைப் பார்த்தான். அவள் மறைக்கவில்லை.

"எல்லாத்துக்கும் பிள்ளையள் ஏற்கனவே போயாச்சு சார். படிக்கப் போறவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு ஒரு கேள்வி போட்டிருக்கணும். விட்டுட்டேன்."

"நாப்பத்தொண்ணுமா?"

"ஒரு நம்பர் எடுக்கல்ல. மத்ததெல்லாம்."

ஜெப்சன் பெரியவர் முன்னால் சத்தம் போடவில்லை. பெற்றோர் விளம்பரத்தை அவனே நிறுத்தினான். "அந்தக் கேள்வியச் சேத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. அதுக்குப் பொறவு கொச்சிதான். இந்த நம்பரெல்லாம் அழிச்சிருங்க, அக்கா."

லிஜாவின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. "நாப்பத்தொரு வீடு சார்," என்றாள், அவனுக்குக் கேட்காத குரலில்.

பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டது.

"நாப்பது, மக்கா," என்றார் யேசுரத்தினம். "தேவகனி எனக்க வீட்டுக்காரி. அவ இறந்து பதினாலு மாசமாச்சு. அவ போன்லயும் ஒண்ணு நிரப்பிவிட்டது நான்தான். நீ கூப்பிடும்போ வீட்டுல மணி அடிக்குமில்லா."