கேமராவுக்கு மட்டும் வரம்பில்லை

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டில், கீழே ஓனருக்கும் மாடியில் இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே இன்டர்நெட் லைன். ஒருவர் இழுத்தால் மற்றவருக்கு நிற்கக்கூடாதென்று, எங்கள் இரண்டு வீட்டுக்கும் ரவுட்டரில் வேக வரம்பு வைத்திருந்தார் ஓனர். அப்படியும் ஆபீஸ் மீட்டிங்கில் என் குரல் வெட்டி வெட்டிப் போனது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மாடியில் பக்கத்துக் குடித்தனத்து அக்காவிடம் போய்க் கத்தினேன். அவர் என் கண்முன்னேயே போன், டிவி எல்லாவற்றையும் அணைத்தார். அப்போதும் வெட்டியது.

ஓனரிடம் ரவுட்டரைப் பார்க்கச் சொன்னேன். அப்லோடு மொத்தத்தையும் தின்றுகொண்டிருந்தவை வாசலிலும் மாடிப்படியிலும் அவர் மாட்டியிருந்த நான்கு சிசிடிவி கேமராக்கள்.

“அதுல கை வைக்க முடியாது தம்பி. வெளிநாட்டுல மகன் பாக்கணும்ல.”

வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று, “சரிங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நான் பயந்து படியேறியது மட்டும் அவர் மகனுக்கு வெட்டாமல் தெரிந்திருக்கும்.