நீலவிரிப்புக்கு நாலு வரி

நான் எழுதிய பக்கத்தின் மேல் என் மாப்பிள்ளை இழுத்த முதல் கோடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் கலியாணம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி என் உம்மா வீட்டுக்கு வாழ வந்த மனிசன், என் மேசை முன்னால் உட்கார்ந்து, என் பேனையாலேயே என் கடிதத்தை வெட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடிதம் மருதமுனை மாமிக்கு. வாப்பாவோடு கூடப்பிறந்த ராத்தா. தன் மகனுக்கு என்னைக் கேட்டு, நாங்கள் மறுத்த நாளிலிருந்து எங்கள் வாசலை மிதிக்காதவர். கலியாணத்துக்கும் வரவில்லை, தன் தறியில் நெய்த நீலக் கட்டில் விரிப்பை மட்டும் அனுப்பியிருந்தார். அவருடைய போன் எப்போதும் மகன் கையில் இருக்கும் என்பதால்தான் தாளில் எழுதினேன். இந்த உறவு இனியாவது ஒட்ட வேண்டுமே என்று ஒரு பக்கம் நிறைய உருகியிருந்தேன்.

"பொன்னான கரங்கள்", "கடல் போன்ற உள்ளம்" எல்லாம் முதலில் போயின. யாருக்கும் எழுதக்கூடிய வரிகளாம். விலை உயர்ந்த பரிசு என்றது போனது. விலை பார்த்தது போல இருக்கிறதாம். மாமி மகன் மச்சானைக் கட்டாததற்கு நான் கெஞ்சிக் காரணம் சொல்லி எழுதிய பந்தி முழுதும் போனது. அதற்குத்தான் நான் கத்தினேன். அதை எழுதாமல் வேறு எதை எழுதுவதாம்?

"அது நன்றி இல்ல புள்ள. அவட புண்ணக் கிண்டுற வேல," என்றார். பிறகு, விரிப்பை விரித்தாயா என்று கேட்டார். அலுமாரியில் மடித்து வைத்திருந்தேன். விரித்த பிறகு எழுதச் சொன்னார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விரித்தேன், எழுதினேன்.

"அன்புள்ள மாமி, நீங்கள் நெய்து அனுப்பிய நீல விரிப்புக்கு மிக்க நன்றி. இன்றே கட்டிலில் விரித்துவிட்டோம், அறையே குளிர்ச்சியாகத் தெரிகிறது. சின்ன வயதில் உங்கள் தறிச் சத்தத்தில் நான் தூங்கிப்போனது ஞாபகம் வந்தது. ஒரு நாள் வந்து எங்களோடு சோறு தின்னுங்கள்."

அவ்வளவுதான். வாப்பாவின் கூடப்பிறந்தவருக்கு நாலே வரி. பிச்சைக்காரிக்கு எழுதினது போல இருக்கிறது என்று உம்மாவும் சேர்ந்து திட்டினா. மாமி இதைக் கிழித்துப் போட்டால் உங்கள் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம், வாசலில் ஆட்டோ நின்றது. மாமி இறங்கினார். மாமி நேரே அறைக்குள் வந்து, கட்டிலில் உட்கார்ந்து, விரிப்பின் கரையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"கடிதத்தப் பிரிக்கவே பயமா இருந்திச்சி மகள். என்ட புள்ளட கதைய எடுத்திருப்பிங்க எண்டு நெனச்சன். அதுல அது இல்ல. அதான் வந்தன்."

என் மாப்பிள்ளை சோறு போட்ட பெரிய சஹன் தட்டை மாமியின் முன்னால் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.