மழையில் நனையாது என்று நான் எழுதிய பை

தி.நகரில் பைகள் விற்கும் ஒரு கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஆன்லைனிலும் விற்கலாம் என்று அவர் முடிவு செய்தபோது, ஒவ்வொரு பைக்கும் விவரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நீலநிற ஸ்கூல் பை ஒன்றுக்கு, "இருபத்தைந்து லிட்டர். மழையில் நனையாது. எல்லா வகுப்புக்கும் ஏற்றது" என்று எழுதினேன். கடைக்கு வருகிறவர்களிடமும் அதையே சொன்னேன்.

நம்பி வாங்கியவர்களில் ஒருவர், நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அக்கா. மழை பிடித்த முதல் வாரமே, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளோடு திரும்பி வந்தார். பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். தாள்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"நீ சொன்னியேன்னுதானே வாங்கினேன். புள்ள அழுதுகினே வந்துச்சு."

அதே ரகத்தில் வேறொரு பையை எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மேலே பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். துணியில் விழுந்தது உருண்டு ஓடியது. ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் இறங்கியது உள்ளே இருந்த தாளை நனைத்துவிட்டது. பாய் எட்டிப் பார்த்தார்.

"துணி நல்ல துணிதான்மா. ஜிப்புக்கு மேல மூடி இல்லையே. தூறல்னா தாங்கும், அவ்ளோதான்."

பையைக் குழந்தையின் முதுகில் மாட்டினேன். வாரை முழுக்க இறுக்கியும் தோளிலிருந்து நழுவியது. அடிப்பாகம் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. வாரில் இருந்த மெல்லிய ஸ்பாஞ்சு, நோட்டுகளின் கனத்தில் அமுங்கிப்போயிருந்தது. அவள் முன்னால் குனிந்து நின்றாள். இதையா எல்லா வகுப்புக்கும் என்று எழுதினேன்!

பாய் பதினைந்து லிட்டர் பை ஒன்றை எடுத்துத் தந்தார். ஜிப்பை மூடும் மடிப்பு, தடித்த வார், அடியில் சுருட்டி வைத்த மழை உறை எல்லாம் இருந்தன. முதுகில் அளவாக உட்கார்ந்தது. மேலே காசு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்காவின் முகம் அப்போதும் தெளியவில்லை.

"ஜிப்பு எப்டி கீது? பழசு அவளால தொறக்கவே முடியாது. டிபன் எடுக்கணும்னா மிஸ்ஸாண்ட போய் நிக்கும்."

அதை நான் யோசித்ததே இல்லை. குழந்தையிடமே கொடுத்தேன். ஜிப்பில் இழுக்க ஒரு நாடா இருந்தது. ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இழுத்துத் திறந்தாள். மறுபடி மூடினாள். திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தாள்.

அன்று மதியம் நீலப் பையின் விவரத்தைத் திருத்தினேன்: "லேசான தூறல் தாங்கும். கனமழைக்கு உறை தனியாகத் தேவை. எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு." சின்னப் பைக்கு, "ஏழு வயதுக் குழந்தை தானே திறந்து மூடலாம்" என்று சேர்த்தேன்.

பாய் படித்துவிட்டு, "இப்போ அந்த நீலம் வேகமா போகாது" என்றார். பிறகு அவரே, "இருக்கட்டும்மா, இப்படியே போடு" என்றார்.