வெள்ளையாகிப் போன சமாதிப் பக்கம்

அந்தச் சனிக்கிழமை காலையில் அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டு கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, வெப்சைட்டு செத்துப்போச்சி. நாந்தான் கொன்னுட்டேன்."

அவர் என் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. நாங்கள் இருந்த எஸ்டேட்டில் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டியவர். இப்போது மகனோடு கோலா சுங்கை பாருவில் இருக்கிறார். எஸ்டேட் நிலம் வீடமைப்புக்காக விற்கப்பட்டதும், அங்கே இருக்கும் சமாதிகளைக் காப்பாற்ற ஒரு குழு அமைத்தோம். அதற்கு அவர்தான் தலைவர். குழுவின் வெப்சைட்டைச் செய்தது நான்.

நான் படித்தது ஐந்தாம் பாரம் வரைதான். மின்னணு ஃபேக்டரியில் ஆபரேட்டராக இருந்தேன். ஃபேக்டரியை மூடிய பிறகு ஒரு வகுப்பில் சேர்ந்து, வெப்சைட் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். தையல் கடை, கேட்டரிங், பூக்கடை என்று மஸ்ஜித் தானா டவுன் சுற்றுவட்டாரத்தில் சிலருக்கு வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சமாதிகளுக்காகச் செய்ததைத்தான் என் வேலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஜொகூர், சிங்கப்பூர், கிள்ளான் என்று சிதறிப்போன குடும்பங்கள் தங்கள் அப்பா அம்மா சமாதியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். சிலுவை வைத்தது, சூலம் வைத்தது, வெறும் கல் நட்டது என எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. அன்று மதியம் எஸ்டேட் பொதுமண்டபமான பாலாய் ராயாவில், நிலத்தை வாங்கிய மேம்பாட்டாளர் ஆட்களோடு கூட்டம். அந்தப் பக்கத்தைத்தான் பெரிய திரையில் காட்டப்போகிறோம்.

கணினியைத் திறந்தேன். முகப்பு வெள்ளை. நிர்வாகப் பக்கமும் அதே வெள்ளை. வழக்கமாக இப்படி ஆனால் ஏதோ பிழை என்று ஒரு வரியாவது தெரியும், எனக்கு ஒரு மின்னஞ்சலாவது வரும். அன்று இரண்டுமே இல்லை.

"என்னா செஞ்சீங்கண்ணே? பொறுமையா சொல்லுங்க."

"கூட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கலாம்னு உள்ள போனேன். பிளக்இன் பக்கத்துல செகப்பா நம்பர் போட்டிருந்துச்சி. அப்டேட் பண்ணணும்னு நீதானே சொல்லியிருக்க. எல்லாத்தையும் டிக் பண்ணி அமுக்கிட்டேன். முடிஞ்சிருச்சின்னு வந்து பாத்தா வெள்ள."

"அப்டேட் செஞ்சது தப்பில்லண்ணே. அதுல எதோ ஒண்ணு கோளாறு பண்ணுது. அவ்ளோதான்."

"படம் எல்லாம் போச்சா? எங்கம்மா படம் அதுலதான் இருக்கு. கல்லே சாஞ்சிருச்சி, படம்தான் மிச்சம்."

என் கணவர் அவருக்கு மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார். அதை அவர் தொடவே இல்லை. நான் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டுத் திரையைப் பார்க்கும்படி உட்கார வைத்தேன். பயந்திருக்கும் மனுஷருக்கு வெறும் வாய்ச் சமாதானம் போதாது.

நிர்வாகப் பக்கத்துக்குள் போக முடியாதபோது பின்வாசல் ஒன்று உண்டு. வெப்சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து, அங்கிருந்து கோப்புகளைத் திறந்தேன். நம் வீட்டுக் கணினியில் ஃபோல்டர் இருப்பது போலத்தான் அங்கேயும் இருக்கும். wp-content என்ற ஃபோல்டருக்குள் plugins என்று ஒன்று. வெப்சைட்டுக்குக் கூடுதல் வேலைகளைச் செய்து கொடுக்கும் குட்டி நிரல்களான பிளக்இன்கள் எல்லாம் அதற்குள்தான். பக்கத்திலேயே, ஏற்றிய படங்கள் இருக்கும் uploads என்று இன்னொன்று. முதலில் அதைத்தான் திறந்தேன்.

"பாருங்கண்ணே. உங்கம்மா."

சின்னதாகத் தெரிந்த அந்தப் படத்தை அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார். சாய்ந்த கல், அதன் மேல் வாடிய மாலை. அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

பிறகு plugins என்ற பெயரை plugins_off என்று மாற்றினேன். எதையும் அழிக்கவில்லை. வேர்ட்பிரஸ் தேடும் பெயரில் ஃபோல்டர் இல்லாவிட்டால் அது பிளக்இன் எதையும் ஏற்றாது, இல்லாமலேயே ஓடும். முகப்பை மறுபடி திறந்தேன். தலைப்பு வந்தது, எங்கள் எஸ்டேட் பெயர் வந்தது, கீழே எழுத்துகளும் வந்தன. நான் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். என் கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் சமாதிப் பக்கத்தில் படங்கள் இல்லை. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் ஏதோ ஒரு சொல்லும் எண்ணும் மட்டும் நின்றன.

"ஐயோ, இது என்னா லா?"

"படத்த அடுக்கிக் காட்டுறதும் ஒரு பிளக்இன்தான். இப்ப அது தூங்குது. எழுப்புவோம்."

நிர்வாகப் பக்கம் இப்போது திறந்தது. பிளக்இன் பட்டியலுக்குப் போனதும், கோப்புகளைக் காணவில்லை, அதனால் நிறுத்திவிட்டேன் என்று ஒவ்வொன்றுக்கும் வேர்ட்பிரஸ் ஓர் அறிவிப்புப் போட்டது. எனக்கு வேண்டியதும் அதுதான். கோப்புப் பக்கத்துக்குத் திரும்பி ஃபோல்டருக்கு plugins என்ற பழைய பெயரையே கொடுத்தேன். இப்போது எல்லாம் பட்டியலில் இருந்தன, எதுவும் ஓடவில்லை. இனி ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு முறையும் வெப்சைட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்த வேலையை அண்ணன் கையில் கொடுத்தேன்.

"நானா? வேணாம் தங்கச்சி."

"நீங்கதான் செய்யணும். டிலீட்ட மட்டும் தொடாதீங்க. அது சமயத்துல நாம சேத்து வச்ச விவரத்தயும் கொண்டு போயிரும்."

லோரி ஸ்டீயரிங் பிடித்த விரல்கள் மவுஸை முட்டையைப் பிடிப்பது போல் பிடித்தன. படம் அடுக்கும் பிளக்இன்னை இயக்கினார். சமாதிப் பக்கத்தைத் திறந்ததும் சிலுவைகளும் சூலங்களும் வரிசையாக வந்து நின்றன. அவர் அடுத்ததை இயக்கினார், பார்த்தார். அடுத்தது, பார்த்தார். பகிர்வதற்கான பட்டன்களைப் போடும் ஒரு சின்ன பிளக்இன்னுக்கு வந்தபோதுதான் வேர்ட்பிரஸ் மறுத்தது. கடும் பிழை வருகிறது, இதை இயக்க முடியாது என்று சிவப்புக் கோட்டோடு ஒரு செய்தி.

"ஆ! மாட்டிக்கிட்டான்!" என்று அண்ணன் கத்தியதில் பக்கத்து வீட்டுப் பூனை வேலியிலிருந்து குதித்தது.

அதை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மற்றவற்றை இயக்கினோம். எல்லாம் ஓடின. முழு வெப்சைட்டையும் ஒரு நகல் எடுத்து என் கணினியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் ஆறிப்போன மைலோவை ஒரே மூச்சில் குடித்தார்.

மதியம் பாலாய் ராயாவில் நாற்காலி போதவில்லை. ஜொகூரிலிருந்து வந்த ஓர் அக்கா, தன் அப்பா படம் திரையில் வந்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். அவரைப் பார்த்துப் பின்வரிசையில் இருந்தவர்களும் எழுந்தார்கள். மேம்பாட்டாளர் பக்கத்திலிருந்து வந்த மலாய்க்கார அதிகாரி அதற்குப் பிறகு பேசிய குரலே வேறு. படத்தில் இருக்கும் எந்தச் சமாதியையும் குடும்பத்துக்குத் தெரியாமல் தொடமாட்டோம், பூசாரியும் பாதிரியாரும் வந்த பிறகுதான் தோண்டி எடுப்போம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

எந்தக் கம்பெனி இந்த வெப்சைட்டைச் செய்தது என்று அவர் மலாயில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். கம்பெனி எல்லாம் இல்லை, எங்கள் எஸ்டேட் பெண், இதோ உட்கார்ந்திருக்கிறாள் என்று மலாயிலேயே சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில், "எந்திரி தங்கச்சி, எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

எழுந்தேன். கை தட்டினார்கள். ஃபேக்டரியில் அத்தனை வருஷம் வேலை செய்தும் எனக்காக யாரும் கை தட்டியதில்லை.

சாயங்காலம் என் கணவர் என்னை கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போய் கோக்கனட் ஷேக் வாங்கிக் கொடுத்தார். ஃபோல்டர் பெயரை மாற்றிய கதையை முதலிலிருந்து சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. முடித்ததும், "அந்த வெள்ளயா வந்துச்சே, அங்கேருந்து இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன்.