எடெல்மிராவின் பத்து நிமிடம்

சிலி நாட்டுச் சிலோவே தீவின் அந்தச் சின்ன ஊர் பேருந்து நிலையத்தில் நேரம் கேட்க வேண்டுமென்றால் ஊரார் மரியாதையாக 'டோன்யா' என்று கூப்பிடும் எடெல்மிரா நாவுத்தோவின் கடைக்குத்தான் போகவேண்டும். உருளைக்கிழங்கைத் துருவித் தட்டிச் சுடும் மில்காவோ விற்கிற கடை. பேருந்துகள் ஆளுக்கொன்றாக ஐந்து முதலாளிகளுடையவை. பலகையில் நேரம் எழுதிப் போட ஒருவருக்கும் கை வரவில்லை. பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், இருபது வருடங்களுக்கு முன்னால் அவளே உட்கார்ந்து எழுதிவிட்டாள்.

பாதித் தாள், இரண்டு மடிப்பு மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும். முன்பக்கத்தில் 'உத்தேச நேரம்' என்று தலைப்பு. மீதி ஐந்து பக்கத்தில் வழித்தடத்துக்கு ஒரு பத்தி, மேலே ஊர்ப்பெயர், கீழே புறப்படும் நேரங்கள். நட்சத்திரம் போட்டிருந்தால் ஞாயிறு கிடையாது. நேரம் மாறினால் வெள்ளை மை தடவித் திருத்தி, மறுபடி நகல் எடுத்துக் கடையில் அடுக்கி வைப்பாள்.

கெத்ரூ பத்தியில் மட்டும் ஒரு சூழ்ச்சி உண்டு. கடைசி பஸ் கிளம்புவது ஆறு இருபதுக்கு. அவள் எழுதியது ஆறு பத்து. கெத்ரூக்காரர்கள் ஆடி அசைந்து வருகிறவர்கள். பஸ்ஸை விட்டுவிட்டு இவள் கடை வாசலில் வந்து புலம்புவார்கள். அதற்காகத்தான். ஆனால் ஒரே வருடத்தில் விஷயம் ஊருக்கே தெரிந்துபோயிற்று. "எடெல்மிரா பத்து நிமிஷம் இருக்குல்ல" என்று நிதானமாக ஆறு பதினெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கிழட்டு டிரைவர் பாரியா கடிகாரம் மாதிரி இருபதுக்குத்தான் கிளம்புவார். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன மாதம் பாரியாவின் முழங்கால் மக்கர் செய்ய, புவெர்த்தோ மோந்த் நகரத்திலிருந்து நிபால்டோ என்ற புது ஆள் வந்தான். அவனுடைய முதல் நாள் ஒரு சனிக்கிழமை.

அன்று மாலை அக்கார்டியன் வாசிக்கும் கெத்ரூக்காரர் எரிபெர்ட்டோ கடையில் உட்கார்ந்து மூன்றாவது மில்காவோவைத் தின்றுகொண்டிருந்தார். காலடியில் அக்கார்டியன் பெட்டி. கெத்ரூவில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம், ஏழரைக்கு ஆட்டம். வாசிக்க வேறு ஆள் கிடையாது. மறுநாள் ஞாயிறு, பஸ்ஸும் கிடையாது.

"மணி ஆறு எட்டு. கிளம்பலியா?" என்றாள் எடெல்மிரா.

"என்ன டோன்யா, என்னையே ஏமாத்துறீங்க? உங்க பத்து நிமிஷத்தையும் சேத்துத்தான் தின்னுட்டிருக்கேன்."

அவளும் சிரித்தாள். இரண்டே நிமிடத்தில் கெத்ரூ பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. உள்ளே நாலே பேர்.

"ஐயோ, போறானே!" எரிபெர்ட்டோவுக்கு வாயில் இருந்தது இறங்கவில்லை.

எடெல்மிரா இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு ஓடினாள். பஸ் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் கடற்கரைச் சாலைக்கு வரவேண்டும். மீன் சந்தைக்குள் புகுந்தால் குறுக்கு வழி. ஈரத் தரையில் வழுக்கி, ஒரு கூடை மட்டியைத் தட்டிவிட்டு, பின்னாலிருந்து வந்த திட்டைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பஸ் திரும்பும் இடத்தில் போய்க் கையை விரித்து நின்றாள்.

"என்னம்மா, சாகப் போறியா?" நிபால்டோ பிரேக்கை மிதித்தான்.

"ஆறு இருபது பஸ்ஸை ஆறு பத்துக்கு எடுக்க யாரு சொன்னா மகனே?"

அவன் தலைக்கு மேலே செருகியிருந்த மடிப்புத் தாளை உருவி விரித்தான். "முதலாளி இதைப் பாத்து ஓட்டுன்னாரு. இது நீங்க எழுதுனதுதானே, டோன்யா?"

"எழுதுனது நான்தான். ஆனா அது ஏறுறவங்களுக்கு எழுதுனது. ஓட்டுறவனுக்கு இல்ல!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு வெடித்தது. அதற்குள் எரிபெர்ட்டோ அக்கார்டியனைக் கட்டிப்பிடித்தபடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஆறு பதினெட்டுக்காரர்கள் பதினோரு பேர், மூட்டை முடிச்சோடு.

"பட்டியலைத் திருத்திடுங்க டோன்யா" என்றான் நிபால்டோ.

"எதுக்கு? அது சரியாத்தான் இருக்கு. உனக்கு வேணா ஒண்ணு தனியா எழுதித் தர்றேன். யாருக்கும் காட்டாதே."

எழுதித் தந்தாள். ஒரே ஒரு பிரதி. கெத்ரூ பத்தியில் ஆறு இருபது. அவனும் அதை மறைத்துத்தான் வைத்திருந்தான், செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

புதன்கிழமை ஆறு இருபதுக்கு பஸ் கிளம்பிப் போயிற்று. ஆறு இருபத்தெட்டுக்கு எரிபெர்ட்டோ சாவகாசமாக வந்து பெட்டியை இறக்கினார்.

"பஸ் போயாச்சு" என்றாள் எடெல்மிரா.

"எப்படிப் போகும்? டிரைவர் தாள்ல ஆறு இருபதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. நம்ம பத்தைக் கூட்டினா ஆறரைல்ல?"

அவள் சூடாக ஒரு மில்காவோவை அவர் கையில் வைத்தாள். "அடுத்தது நாளைக் காலையில ஏழு மணிக்கு."

"நிஜ ஏழா, உங்க ஏழா?"

"ஆறரைக்கே வந்து நில்லும்" என்றாள்.