போடாத ஒரு ஆர்டர்

மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில், பங்குத் தரகு நிறுவனத்தின் கிளை ஒன்று இருபது வருடம் நடந்தது. அங்கே டெர்மினல் என்ற கணினி முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளர்கள் சொன்னதை வாங்கியும் விற்றும் கொடுத்தவளுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவோ, அந்தத் தெருவுக்கு அவள் டெர்மினல் அக்கா. அவளைவிட முப்பது வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது, அப்புறம் பழகிவிட்டது. யாராவது மேடம் என்றால்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

அந்த அறையை அவள் இன்னும் மறக்கவில்லை. பெரிய அழகு ஒன்றும் கிடையாது. பத்து பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு டிவி, ஓடும்போது உறுமி, நிற்கும்போது மட்டும் குளிர்ந்த மாதிரி இருக்கும் ஒரு ஏசி. ஆனால் காலை ஒன்பதுக்கெல்லாம் நாற்காலிகள் நிரம்பிவிடும். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் வருவார். பேப்பர் கடை நடத்தும் புருஷனும் பெண்டாட்டியும் வருவார்கள். அவர் வாங்கச் சொல்வார், அந்த அம்மாள் விற்கச் சொல்வார், அறை மொத்தமும் நடுவர். மூன்றாவது நாற்காலியில் கண்ணாடிக்காரர் உட்காருவார். அவருக்கு எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை. வாடிக்கையாளர் வந்தால் கீழே இருந்து கடைப்பெண் கைதட்டுவாள், அவர் ஓடுவார், பவர் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வருவார்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் ஆர்டர் சொன்னாலும் பட்டனை அழுத்துவதற்கு முன் அதை உரக்கத் திருப்பிச் சொல்வாள். வாங்கறீங்களா விக்கறீங்களா, எந்தக் கம்பெனி, எத்தனை, என்ன விலை. தப்பு நேரக் கூடாது என்று முதலாளி சொல்லிக்கொடுத்த முறைதான். ஆனால் அதனால் வேறொரு நன்மையும் நடந்தது. சொல்வது பத்து பேர் காதிலும் விழும். அசட்டு ஆர்டராக இருந்தால், "ஏன் சார், வீட்ல சண்டையா?" என்று போஸ்ட்மாஸ்டர் கேட்பார். அறை சிரிக்கும். பாதி அசட்டு ஆர்டர்கள் அந்தச் சிரிப்பிலேயே செத்துப்போகும். எத்தனை பேரின் காசை அந்தக் கிண்டல் காப்பாற்றியது என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் மாதத்துக்கு ஒரு நாள்தான் முடிவுக்கு வரும். அப்புறம் வாரத்துக்கு ஒன்று ஆயிற்று. அதற்கப்புறம் எந்த நாளை எடுத்தாலும் ஏதோ ஒரு குறியீட்டுக்குக் கடைசி நாள். காலையில் வாங்கினால் மாலை மூன்றரைக்குள் தலையெழுத்து தெரிந்துவிடும். சந்தைக் குறியீடு இன்ன அளவைத் தாண்டும் என்று ஒரு விலை கொடுத்து வாங்க வேண்டியது, அதற்குக் 'கால்' என்று பெயர். தாண்டினால் தாண்டிய அளவுக்குக் காசு. தாண்டாவிட்டால் கொடுத்தது மொத்தமும் பூஜ்யம்.

கண்ணாடிக்காரரின் முதல் ஆர்டரைப் போட்டவள் அக்காதான். ஆறு விலைக்கு ஒரு லாட், ஐம்பது எண்ணிக்கை, முந்நூறு செலவு. விளையாட்டாகத்தான் சொன்னார். கடைசி அரைமணியில் குறியீடு திடீரென்று எகிறி, ஆறாக இருந்த விலை எழுபத்திரண்டு ஆனது. போட்ட முந்நூறு இப்போது மூவாயிரத்து அறுநூறு! அறை எழுந்து நின்று கைதட்டியது. அவர் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அக்கா இரண்டு சாப்பிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கு கசக்கிறது.

"இது நல்லா இருக்கேம்மா," என்றார் அவர். "ஒரு நல்ல கம்பெனி பங்கு ஒண்ணு வாங்கக்கூட மூவாயிரம் ஆகுது. இது முந்நூறுதான். போனா அவ்ளோதானே போகும்? சாயங்காலம் முடிஞ்சுடும். ராத்திரி கவலையில்லாமத் தூங்கலாம்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதுதான் வம்பு. ஒரு தடவை போனால் முந்நூறுதான். ஆனால் அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகும் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிறகு போன் வந்தது, போனுக்குள் சந்தை வந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. போஸ்ட்மாஸ்டர் காலமானார். பேப்பர் கடைத் தம்பதி மகள் வீட்டோடு போய்விட்டார்கள். கண்ணாடிக்காரர் கடையிலேயே உட்கார்ந்து, லென்ஸைத் துடைக்கும் கையாலேயே ஆர்டரைப் போட்டார். அதை உரக்கத் திருப்பிச் சொல்ல ஆளில்லை. அவர் கணக்கு மட்டும் தினமும் அக்காவின் திரையில் வரும். வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஆர்டர். பத்து நாளில் எட்டு நாள் நஷ்டம், இரண்டு நாள் லாபம். அந்த இரண்டு நாளை அவர் தெரு முழுக்கச் சொல்வார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒவ்வொரு ஆர்டருக்கும் கிளைக்குத் தரகு உண்டு. "இந்த மாதிரி நாலு பேர் இருந்தா நம்ம கிளைய மூட மாட்டாங்க," என்று மேனேஜர் உள்ளம் குளிர்ந்து சொன்னார். அக்காவின் சம்பளமும் அதில்தான் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கண்ணாடிக்காரர் படியேறி ஓடி வந்து பழைய மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகப் போட்டு ஆப் பூட்டிக்கொண்டதாம்.

"ஏம்மா, சீக்கிரம். பதினெட்டாயிரத்து நூறு கால், இன்னிக்கு முடியறது. காலைல நாப்பத்திரண்டு இருந்தது, இப்ப நாலு. குறியீடு காலைல எங்க இருந்துச்சோ அங்கேயேதான் இருக்கு. ஆனா இது மட்டும் ஏன்தான் இப்படிக் கரையுதோ!"

"நேரத்துக்குத்தான் சார் காசு குடுத்தீங்க. நேரம் போயிடுச்சு, காசும் போயிடுச்சு."

காலையில் நாற்பத்திரண்டில் ஒரு லாட் வாங்கியிருந்தார். இருபத்தொன்றில் இரண்டு, பத்தில் நான்கு. விலை பாதியானால் எண்ணிக்கை இரட்டிப்பு. ஒவ்வொரு தடவையும் இரண்டாயிரம்தான், அதனால் உறைக்கவில்லை. மொத்தம் ஆறாயிரத்து இருநூறு, அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் இப்போது மிச்சம்.

"இருநூறு லாட் போடு," என்றார்.

அக்கா திரையைப் பார்த்தாள். முந்தின நாள் அவர் கணக்கில் புதிதாக நாற்பதாயிரம் வந்திருந்தது.

"இது என்ன காசு சார்?"

"லென்ஸ் வெட்டற மெஷினுக்கு வச்சிருந்தது. பழசு ஒண்ணு விலைக்கு வருது. நம்ம மெஷின் செத்துப்போச்சு, வெளிய குடுத்து வெட்டறேன். வெட்டறவன் கேக்கறதக் குடுத்தா எனக்கு ஒண்ணும் மிஞ்சறதில்ல. போடும்மா, நேரம் ஆகுது!"

பழக்கதோஷத்தில் அவள் உரக்கச் சொன்னாள். "வாங்கறீங்க. பதினெட்டாயிரத்து நூறு கால். இருநூறு லாட், விலை நாலு, நாப்பதாயிரம். குறியீடு இப்ப பதினெட்டாயிரத்து நாப்பது. நாப்பது நிமிஷத்துல பதினெட்டாயிரத்து நூத்தி நாலைத் தாண்டினாத்தான் போட்டது திரும்பும். நூறைத் தாண்டலன்னா மெஷின் இல்ல."

சொல்லிவிட்டு, யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். ஒன்பது காலி நாற்காலிகள் பார்த்துக்கொண்டிருந்தன. யாராவது ஒருவர் கிண்டல் செய்யக் கூடாதா என்று அவளுக்கு அழுகை முட்டியது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போட மாட்டேன் சார்."

"என் காசும்மா!"

"தெரியும் சார்."

அவர் கத்தினார். கெஞ்சினார். மேனேஜர் வங்கிக்குப் போயிருந்தார். மூன்று மணி ஆயிற்று. மூன்று ஐந்துக்குக் குறியீடு மெல்ல நிமிர்ந்தது. எண்பது. நூறு. நூற்று முப்பது. நாலில் இருந்த விலை பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்தெட்டு என்று ஏறியது. மூன்றரைக்குக் குறியீடு நூற்று நாற்பத்தெட்டில் நின்றது, விலை நாற்பத்தெட்டு. காலையில் வாங்கிய ஏழு லாட் நஷ்டத்தையெல்லாம் தீர்த்து மேலேயே கொடுத்தது. அது அவர் கண்ணில் படவே இல்லை. நாற்பதாயிரம் நாலு லட்சத்து எண்பதாயிரம் ஆகியிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உன்ன நம்பித்தானேம்மா ஏறி வந்தேன்," என்றார் கடைசியில். அதைத் திட்டாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

புகார் போயிற்று. வாடிக்கையாளர் சொன்ன ஆர்டரை ஏன் போடவில்லை என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தாள். கடைசியில் ராஜினாமாவை எழுதினாள், அதைக் கிழிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் வேலை கிடைத்தது. கிளையும் சீக்கிரமே மூடப்பட்டது.

இரண்டு வருடம் கழித்து, எழுத்து மங்கலாகத் தெரிகிறதென்று ஒரு பெரிய கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். வரிசையாக நின்ற சிப்பந்திகளில் கடைசியாக, சீருடைச் சட்டையில், கண்ணாடிக்காரர் நின்றார். அவளை உட்காரவைத்து, சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். கை மட்டும் பழைய கைதான், அவ்வளவு மென்மை.

"அந்த நாப்பதாயிரம் ஒம்பது நாள்ல போச்சும்மா," என்றார், அவர் பாட்டுக்கு. "நாலாயிரம், அஞ்சாயிரமா. அப்புறம் கடை."

"அன்னிக்கு நான் போட்டிருந்தா..."

"போட்டிருந்தா? அஞ்சு லட்சத்தையும் சேத்துத்தான் விட்டிருப்பேன். கொஞ்ச நாள் கூட ஆகியிருக்கும், அவ்ளோதான்." கொஞ்ச நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வேடிக்கை என்னன்னா, நீ எனக்கு எத்தனையோ ஆர்டர் போட்டுக் குடுத்திருக்க. ஒண்ணே ஒண்ணு போடல. அதுக்குத்தான் உன் மேல கோவப்பட்டு எழுதிப் போட்டேன். போட்டதுக்கெல்லாம் கோவப்படணும்னு தோணவே இல்ல பாரு."

அவர் மாட்டிவிட்ட லென்ஸில் எதிரே இருந்த எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளால் படிக்க முடியவில்லை.

"எனக்குத் தோணிச்சு சார்," என்றாள்.