கூந்தல் தைலத்துக்கு ஒரு பக்க ஒப்பந்தம்

முப்பது ரூபாய் வேலைக்கு முத்திரைத்தாள் வாங்கிய முதல் ஆள் ராயபுரத்தில் நானாகத்தான் இருப்பேன். பெரம்பூர் ரயில் பட்டறையில் பகல் முழுக்கச் சக்கரம், அச்சாணி வரைபடங்களின் மேல் மெல்லிய தாளை வைத்து நகல் எடுப்பது என் உத்தியோகம். மாதம் இருபத்தெட்டு ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளில் லேபிள் படம் வரைவேன். சோடா, மூக்குப்பொடி, ஊதுபத்தி, யார் கேட்டாலும் சரி.

அந்த ஊதுபத்தியில்தான் சூடு பட்டுக்கொண்டேன். ஒருவருக்கு மயில் ஒன்று வரைந்து கொடுத்தேன். எட்டு ரூபாய் பேச்சு, ஐந்துதான் வந்தது. அது போகட்டும். மூன்றே மாதத்தில் என் மயில் ஒரு தீப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு பேதி மாத்திரை டப்பாவில். தோகையில் ஒரு கண்ணைத் தவறுதலாகப் பெரிதாக வரைந்திருந்தேன், அதுவும் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "படத்தைக் குடுத்துட்டே இல்ல, அப்புறம் இன்னா?" என்றார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

அதனால், தேங்காய் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் புதிதாகக் கூந்தல் தைலம் போடப்போவதாகவும், லேபிளுக்கு நீண்ட கூந்தலோடு ஒரு பெண் படம் வேண்டும் என்றும் கூப்பிட்டு அனுப்பியபோது, எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பென்சிலைத் தொடுவேன் என்று முடிவு செய்துகொண்டேன். முப்பது ரூபாய் என்று அவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

கூந்தலுக்கு எங்கே போவது? வீட்டிலேயே இருந்தது. என் மனைவிக்கு முடி இடுப்பைத் தாண்டி இறங்கும். அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "தைலத்துக்கு மட்டும்தானே? வேற எங்கியும் போவாதே?" என்று மூன்று முறை கேட்டாள். போகாது என்று மூன்று முறையும் சொன்னேன். அதன்பிறகுதான் ஜன்னலோரம் ஸ்டூலில் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பென்சில் கோடு மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தை எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, வக்கீல் பாஷை வேண்டாம், கடையில் எண்ணெய் அளக்கிறவன் படித்தாலும் புரியவேண்டும். இது என் கட்டளை, எனக்கே. முதலில் வேலை என்ன என்று எழுதினேன்: ஒரு படம், மூன்று வர்ணம், பெரிய புட்டிக்கும் சின்னப் புட்டிக்குமாக இரண்டு அளவு, திருத்தம் இரண்டு முறை சும்மா, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய். அடுத்தது பணம்: கையெழுத்தன்று பத்து, மாதிரித் தாளை அண்ணாச்சி பார்த்து ஒப்புக்கொண்ட அன்று பத்து, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி பத்து. கடைசியில், தைல லேபிளுக்கு மட்டும் படத்தை அச்சடிக்க அவருக்கு உரிமை, மற்ற எதற்கும் படம் எனக்கே சொந்தம், நான் வரைந்த மூலத் தாளும் வேலை முடிந்ததும் என்னிடம் திரும்பவேண்டும்.

எழுதி முடித்துவிட்டு ஏதோ பட்டயம் பொறித்த ராஜா மாதிரி உரக்கப் படித்துக் காட்டினேன். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்த என் மனைவி, முடியை முடிந்துகொண்டே கேட்டாள்.

"கல்லு யாருது?"

"எந்தக் கல்லு?"

"அச்சாபீசு கல்லுய்யா. தாளை வாங்கி நீ பெட்டில பூட்டி வெச்சிக்கினா ஆச்சா? படம் அங்க கல்லு மேல கீதே. அதை வெச்சி லட்சம் அடிப்பான்."

அவளுடைய அப்பாவுக்கு, படத்தைக் கல்லில் ஏற்றி அச்சடிக்கிற கல்லச்சுக்கூடத்தில் கல் தேய்க்கிற வேலை. அச்சடித்து முடிந்த கல்லின் மேல் மணலும் தண்ணீரும் போட்டு, பழைய படம் போகிறவரை தேய்த்து, அடுத்த படத்துக்குத் தயார் செய்வார். சில படங்களைத் தேய்க்க வேண்டாம் என்று முதலாளி எடுத்து வைத்துக்கொள்வதை அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். என் மயில் எப்படித் தீப்பெட்டிக்குப் பறந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷக்கணக்காகப் படம் வரைகிறேன், தாளைத் தாண்டி யோசித்ததே இல்லை! அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. உடனே ஒரு வரி சேர்த்தேன்: கல்லில் ஏறிய படத்துக்கும் இதே நிபந்தனை, தைலம் நின்றுபோனால் அண்ணாச்சி தன் பொறுப்பில் கல்லைத் தேய்க்கச் சொல்லவேண்டும்.

அண்ணாச்சி கடையில் தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"என்ன தம்பி, நிலம் கிரயம் பண்ணுத மாதிரில்லா இருக்கு?"

"பின்னால சண்டை வேணாம்னுதான் அண்ணாச்சி."

வேலையைப் பற்றி அவருக்கு மறுப்பில்லை. கல்லைப் பற்றிக் கூட, "சரிதான், நம்ம பொம்பளை படத்தை இன்னொருத்தன் தைலத்துல ஒட்டினா நமக்குந்தான நஷ்டம்" என்று தலையாட்டினார். தகராறு வந்தது பதினைந்தாம் தேதியில். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தவர், தாளைக் கீழே வைத்துவிட்டார். அது வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை லட்சுமியை வெளிய அனுப்ப மாட்டேன். கையெழுத்தே போட மாட்டேன்."

மறுநாள் என்றார் அவர். மறுநாள் என்று விட்டால் அது மறுவாரம் ஆகும், எனக்குத் தெரியாதா? முன்தினம் என்றேன் நான். அரை மணி நேரம் போராடி, "வெள்ளிக்கிழமை வந்தால் முந்தின வியாழக்கிழமை" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முத்திரைத்தாள் அவரிடம், அவர் கையெழுத்துப் போட்ட நகல் என்னிடம். பத்து ரூபாய் மடியில். ராயபுரத்துத் தெருவில் என் கால் தரையில் படவில்லை.

அந்தத் தாள் வேலை செய்ததைப் பார்க்கவேண்டுமே! மாதிரித் தாளைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு ஆசை பிறந்தது. பின்னால் ஒரு நதி வேண்டும், பிறகு மேலே நிலா, பிறகு நதியில் ஒரு அன்னம். இரண்டு திருத்தம் முடிந்ததும் நான் நகலை எடுத்து மேஜையில் வைத்தேன். "அன்னம் ஒரு ரூவாயா? அப்ப அது பறந்து போவட்டும்" என்றார். பணம் மூன்று தவணையும் சொன்ன நாளில் வந்தது. கடைசித் தவணை வியாழக்கிழமை காலையிலேயே, கடைப் பையன் கையில்.

தைலம் நன்றாக விற்றது. மீன் வாங்கப்போன இடத்தில் ஒரு கிழவி என் மனைவியின் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நீதானேடி புட்டி மேல கீறவ?" என்றாளாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து மீன் வாங்க வேறு பக்கம் போனாள். நான் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சியே எங்கள் வீட்டுக்கு வந்தார். வேர்க்க விறுவிறுக்க, முகமெல்லாம் சிரிப்பு. திருவொற்றியூர்ப் பக்கம் சாராயக் கடைகளைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், இந்தப் படத்தைக் காலண்டருக்குக் கேட்கிறாராம். நூறு ரூபாய்.

"ஒப்பந்தப்படி உன்னைக் கேக்காம தர முடியாதுல்லா? அதான் ஓடியாந்தேன். ஆளுக்குப் பாதி. என்ன சொல்லுத?"

ஐம்பது ரூபாய்! ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். அதைவிட, நான் எழுதிய ஒரு பக்கம் ஒரு மொத்த வியாபாரியை என் வீட்டுக்கு நடக்க வைத்துவிட்டதே! அந்தப் பெருமை மண்டைக்கு ஏறிவிட்டது. உடனே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "நாளைக்குச் சொல்றேன் அண்ணாச்சி." இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உள்ளே மீன் ஆய்கிற சத்தம் நின்றது. கையைக் கழுவிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். பெட்டியிலிருந்து நகலை எடுத்து, நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"என் பேரு எங்க கீது?"

"படம் நான் வரைஞ்சது. அதான் என் பேர்ல..." என்று இழுத்தேன்.

"மூஞ்சி?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். திருடர்களிடமிருந்து காப்பாற்ற பூட்டுப் போட்டேன் என்று நினைத்திருந்தேன். சாவியை என் மடியில் வைத்துக்கொண்டு, நானே விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"நாளைக்கு இன்னா சொல்லப் போறே? சாராயக் கடையில குடிச்சிட்டு வுழுந்து கெடக்கறவன் தலைமாட்டுல என்னைத் தொங்கவுடப் போறியா? மூணு தபா கேட்டேனே, மூணு தபாவும் போவாதுன்னியே."

அழவில்லை அவள். அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். ஒரு வெள்ளைத்தாளும் மைக்கூடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "எழுது" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முகமும் முடியும் படத்துக்கு உட்கார்ந்தவளுடையது. தைலத்துக்கு மட்டும் சம்மதம். வேறு எதற்கானாலும் வரைந்தவன் முதலில் அவளைக் கேட்டு, அவள் கையெழுத்து வாங்கவேண்டும். உட்கார்ந்த கூலி ஐந்து ரூபாய், வரும் சம்பளத் தேதியில்.

"அது வெள்ளிக்கிழமையா இருந்தா?" என்று கேட்டார் அண்ணாச்சி, பாதி விளையாட்டாக.

"நான் வெள்ளிக்கிழமையும் வாங்குவேன், அண்ணாச்சி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சாராயக்காரன்ட்ட நானே இல்லன்னு சொல்லிருதேன், தங்கச்சி. சாட்சி எங்க போடணும்?" என்று பேனாவைக் கேட்டார். நூறு ரூபாயை விட்டுவிட்டு, நாங்கள் கையெழுத்துப் போடும் முன்பே அவர் அப்படிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதில் எனக்கு அவர் மேல் பிரியமே வந்துவிட்டது.

அவர் போன பிறகு, அவள் தன் புடவைகளுக்கு அடியிலிருந்து மடித்த பெரிய தாள் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தாள். அச்சாபீசில் வர்ணம் சரியாக விழாமல் கழித்துப்போட்டதாம், அவள் அப்பா கொண்டுவந்து கொடுத்தது. இன்னும் வெட்டாத லேபிள்கள், வரிசைக்கு வரிசை. எல்லாம் அவள்தான்.

"நாப்பது பேரு. எண்ணிப் பார்த்தேன். இதைப் பார்த்த அன்னிக்கே எனக்கு பேஜாராப் போச்சு. இத்தினி பேர்ல ஒருத்தி கையில கூட பேனா இல்லியே."

அவள் சொல்லி எழுதிய தாளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன். பேனாவைத் துடைத்து அவளிடம் கொடுத்து, அவளும் கையெழுத்துப் போட நான் உட்கார்ந்திருந்த இடத்தை அவளுக்கு விட்டேன்.